மனச்சோர்வு மாத்திரையோடு எதைச் சேர்க்கக்கூடாது: செரட்டோனின் சிண்ட்ரோமைத் தவிர்க்க முழு வழிகாட்டி

மருத்துவமனை மருந்தகத்தில் என் வேலையில் பாதி, நோயாளி என்னென்ன சாப்பிடுகிறார் என்று பட்டியல் எடுப்பதுதான். புதிதாகச் சேரும் பயிற்சி மருந்தாளர்களும் சரி, வீட்டில் ஒருவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் அம்மா, அண்ணன்மாரும் சரி, ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இணையத்தில் இரண்டு மருந்துப் பெயரைத் தட்டி, சிவப்பு எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்தால் பயப்படுகிறார்கள், வராவிட்டால் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பாகப் போகலாம். வரிசை மாறாமல் பார்த்தால் இந்த வேலை அவ்வளவு கடினமில்லை.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெட்டின், பாராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின், டுலாக்ஸெட்டின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நரம்பு செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற பொருள், சில சேர்க்கைகளால் அளவு மீறிப்போவதுதான் செரட்டோனின் சிண்ட்ரோம்.

## முதலில் தயாராக வைக்க வேண்டியவை

ஒரு தாள், பேனா, ஒரு வெப்பமானி. அப்புறம் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளும், சிரப் பாட்டில்களும், பொடி டப்பாக்களும். பெயரை நினைவிலிருந்து எழுத வேண்டாம். பிராண்ட் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்து வேறாக இருக்கும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்தான் நமக்கு வேண்டியது.

இன்னொன்று: மாத்திரையை ஆரம்பித்த தேதி, கடைசியாக அளவு கூட்டிய தேதி. இது ஏன் என்று ஆறாவது பகுதியில் தெரியும்.

## 1. ஐந்து வாரத்துக்குப் பட்டியல் எடுங்கள்

“இப்போ என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் இன்றைக்குச் சாப்பிட்டதைத்தான் சொல்வார்கள். ஃப்ளுவாக்ஸெட்டினை நிறுத்திவிட்டாலும், அதிலிருந்து உடல் உண்டாக்கும் இன்னொரு பொருள் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். அதனால்தான் மோசமாக மோதும் மருந்துகளை ஆரம்பிக்கும் முன் ஐந்து வாரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். மற்ற பல மாத்திரைகளுக்கு இரண்டு வாரம் போதும். எது எது என்று குழம்பாமல் இருக்க, எல்லாருக்கும் ஐந்து வாரம் பின்னோக்கிப் போய்க் கேட்பது என் பழக்கம்.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். “மருந்து” என்று சொன்னால் டாக்டர் எழுதித் தந்ததை மட்டும்தான் மக்கள் மருந்தாக எண்ணுகிறார்கள். “தூக்கத்துக்கு என்ன போட்டீங்க? சளி, இருமலுக்கு? முதுகு வலிக்கு? ஆன்லைனில் வாங்கிய காப்சூல் ஏதாவது? ஜிம்மில் யாராவது கொடுத்தார்களா? பார்ட்டியில்?” என்று காரணத்தை வைத்துக் கேட்டால் பட்டியல் இரண்டு மடங்காகும். கடைசிக் கேள்வியை அப்பா அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அவர்கள் முன்னால் வரும் பதிலை நான் கணக்கில் எடுப்பதில்லை.

## 2. பெயரை விட்டு, வேலையைப் பாருங்கள்

மூளையில் ஒரு நரம்பு செல் செரட்டோனினை வெளியே விடுகிறது. வேலை முடிந்ததும் அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் ஒரு பங்கை உள்ளே ஒரு நொதி சிதைத்து அழிக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் திறக்கிறது, வடிகால் இழுக்கிறது. வடிந்த தண்ணீர் தேங்காமல் கழிவதற்குச் சாக்கடை இருக்கிறது.

மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாம் வடிகாலை ஓரளவு அடைக்கும். அதுதான் அவற்றின் வேலை, தனியாக, சொன்ன அளவில் எடுத்தால் பெரும்பாலும் தொட்டி வழிவதில்லை. குழாயைப் பெரிதாகத் திறந்துவிடும் பொருளோ சாக்கடையையே அடைக்கும் பொருளோ வடிகாலுக்கு இன்னொரு அடைப்போ கூடச் சேரும்போதுதான் பெரும்பாலும் வழிகிறது. வழிந்ததன் விளைவுகளுக்குத்தான் செரட்டோனின் சிண்ட்ரோம் என்று பெயர்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குழாய், வடிகால், சாக்கடை என்று ஒரு சொல்லை எழுதுங்கள். மூன்றிலும் சேராததற்குக் கோடு போடுங்கள். ஒரே வகையில் இரண்டு இருந்தால் கவனம் வேண்டும். வெவ்வேறு வகைகள் சந்தித்தால் அதிகக் கவனம். சாக்கடை என்ற சொல் ஒரு முறை வந்தாலே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே எடை கொடுப்பது. வாந்திக்கான ஒண்டான்செட்ரானுக்கும் தலைவலிக்கான டிரிப்டான் மாத்திரைக்கும்கூடச் செயலிகள் எச்சரிக்கை காட்டும். நடைமுறையில் அந்த ஆபத்து சிறியது. அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர், உண்மையான ஆபத்து வரும்போதும் அதே சலிப்போடு கடந்துவிடுகிறார்.

## 3. சாக்கடையை அடைப்பவற்றை முதலில் தேடுங்கள்

உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகும் சேர்க்கைகளில் பெரும்பாலும் இந்த வகை ஒன்று இருக்கும். அதனால்தான் இது முதலில். எம்ஏஓ என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள் இவை. மனச்சோர்வுக்காக இவற்றை இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஆனால் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும்: நடுக்குவாத நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின், கடினமான தொற்றுக்குத் தரும் லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக், நரம்பு வழியே ஏற்றும் மெத்திலீன் புளூ.

மூலிகைப் பக்கத்தில், ஹர்மல் என்றும் இஸ்பந்த் என்றும் விற்கும் விதை. சாம்பிராணிபோல் புகைக்கவும் பயன்படுத்துகிறார்கள், “இயற்கையான அனுபவம்” வேண்டும் என்று வாயில் போடுபவர்களும் இருக்கிறார்கள். இதில் உள்ள ஹர்மலின், ஹர்மின் இரண்டும் எம்ஏஓவைத் தடுப்பவை. தென் அமெரிக்க அயவாஸ்காக் கஷாயத்திலும் இதே வகைப் பொருள்தான். அதை வைத்து நடத்தும் முகாம்களுக்குப் போவதற்காகச் சிலர் மாத்திரையை மூன்று நாள் முன்னால் நிறுத்துகிறார்கள். ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு மூன்று நாள் என்பது ஒன்றுமே இல்லை.

## 4. போதைக்காக எடுப்பவை

எம்டிஎம்ஏ, அதாவது எக்ஸ்டசி என்றும் சொல்லும் பார்ட்டி போதை மாத்திரை. குழாயை அகலத் திறப்பது இது. ஒரு சிக்கலான விஷயம்: மனச்சோர்வு மாத்திரை அடைக்கும் அதே வடிகால் வழியாகத்தான் எம்டிஎம்ஏ செல்லுக்குள் நுழைய வேண்டும். அதனால் மாத்திரை எடுப்பவருக்குப் போதை மந்தமாக இருக்கும். “அப்போ பாதுகாப்புதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது வேறு. ஏறவில்லையே என்று இரண்டாவது, மூன்றாவது மாத்திரை போடுகிறார்கள். பாராக்ஸெட்டினும் ஃப்ளுவாக்ஸெட்டினும் எம்டிஎம்ஏவைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் தடுப்பதால் இரத்தத்தில் அளவு இன்னும் கூடும். இதயமும் உடல் வெப்பமும் அந்த அளவுக்குத்தான் பதில் சொல்லும், போதை ஏறியதா என்று பார்க்காது. எம்ஏஓ தடுப்பியோடு எம்டிஎம்ஏ சேர்ந்தால் மரணங்களே பதிவாகியிருக்கின்றன.

டிரமடால், டாபென்டடால். தமிழ்நாட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இவற்றுக்குத்தான். “வலி மாத்திரைதானே” என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். டிரமடால் அபின் வகை வலிநிவாரணி. கூடவே வடிகாலையும் அடைக்கும். ஆக, எஸ்சிடலோபிராமோடு சேரும்போது ஒரே வடிகாலுக்கு இரண்டு அடைப்பு. வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. 2018இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்த பிறகு டாபென்டடால் அந்த இடத்தைப் பிடித்தது. செரட்டோனின் கணக்கில் டாபென்டடால் டிரமடாலைவிட லேசானது. ஆனால் அளவு மீறி எடுப்பவர்களுக்கு மூச்சு அடங்கும் ஆபத்து தனியாக இருக்கிறது.

இருமல் சிரப். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற சொல்லைப் பின்பக்கத்தில் தேடுங்கள். பெயருக்குப் பின்னால் டி, டிஎக்ஸ் போன்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது இருக்கும், இருந்தாலும் படித்து உறுதி செய்யுங்கள். டாக்டர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் குடிப்பது பெரும்பாலானோரை ஒன்றும் செய்வதில்லை. பாட்டிலையே குடிப்பது வேறு கதை. ஃப்ளுவாக்ஸெட்டின், பாராக்ஸெட்டின் எடுப்பவர்கள் சாதாரண அளவுக்கும் முன்னால் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த மருந்தை வெளியேற்றும் நொதியும் அதேதான்.

கோகெயினும் மெத் என்று சொல்லும் மெத்தாம்ஃபெட்டமினும் இந்தப் பட்டியலில் வரும். கஞ்சாவும் சாராயமும் வேறு கெடுதல்கள் செய்யும், ஆனால் செரட்டோனின் சிண்ட்ரோமுக்கு அவை வழக்கமான காரணம் அல்ல.

## 5. மூலிகை, சப்ளிமென்ட்

இரண்டு பெயரை மனப்பாடம் செய்தால் போதும்.

முதலாவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட். லேபிளில் ஹைப்பெரிக்கம் என்றும் இருக்கும். மனச்சோர்வுக்கே விற்கும் மூலிகை, வடிகாலைத்தான் அடைக்கிறது. மாத்திரை போதவில்லை என்று நினைப்பவர்கள் தேடிப்போய் வாங்குவது இதைத்தான். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றின் வீரியத்தையும் இது குறைத்துவிடும்.

இரண்டாவது 5-எச்டிபி. கிரிஃபோனியா விதைச் சாறு என்றும் எழுதியிருப்பார்கள். தூக்கத்துக்கும் “மூட்” சரியாகவும் என்று காப்சூலாக வருகிறது. இதிலிருந்துதான் உடல் செரட்டோனினையே செய்கிறது. தொட்டிக்கு லாரித் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுவதுபோல. வைட்டமின் அலமாரியில் இருப்பதால் யாரும் மருந்தாகச் சொல்வதில்லை. எல்-டிரிப்டோபான் காப்சூலும் இதே வரிசை.

அமுக்கராவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதை இந்த இரண்டோடு சமமாக வைக்க எனக்கு ஆதாரம் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், பீதி வேண்டாம். மஞ்சள், இஞ்சி சமையலில் சேர்ப்பதற்குக் கேள்வியே இல்லை. என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலப் பொடியை மட்டும் நான் நம்புவதில்லை. அதற்குப் பட்டியலில் எந்தச் சொல்லை எழுதுவது?

## 6. தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள்

அறிகுறிகள் பெரும்பாலும் புதிதாக ஒன்றைச் சேர்த்த அல்லது அளவு கூட்டிய சில மணி நேரத்தில் வரும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள், மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்குள். மூன்று வருடமாக ஒரே அளவில் ஒரே மாத்திரை எடுப்பவருக்குத் திடீரென்று வந்தால், “நேற்று புதிதாக என்ன?” என்பதுதான் கேள்வி.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அது அடுத்த பொதுவான பிழை. வென்லாஃபாக்சின், பாராக்ஸெட்டின் இரண்டையும் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்ந்த மாதிரி உணர்வு, எரிச்சல் வரும். நோயும் திரும்பலாம். பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது பின்னால் வந்து சேர்ந்ததை.

## 7. வந்துவிட்டதா என்று பார்ப்பது

மனம், உடலின் தானியங்கி வேலைகள், தசை. இந்த மூன்று இடங்களையும் பாருங்கள். மனத்தில் பதற்றம், நிலைகொள்ளாமை, குழப்பம். உடலில் கொட்டும் வியர்வை, வேகமான நாடித்துடிப்பு, வயிற்றுப்போக்கு, விரிந்த கண்பாவை. தசையில் நடுக்கம், துள்ளல், குறிப்பாகக் கால்களில்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் தேடுவது மூன்றாவதைத்தான். படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடிப்பார். ஓரிரண்டு துடிப்பு சிலருக்கு இயல்பு. பிடித்திருக்கும் வரை பாதம் தையல் மெஷின் மிதி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தால் அது குளோனஸ். செரட்டோனினைக் கூட்டும் மருந்து எடுத்தவரிடம் குளோனஸ் தானாகவே தெரிந்தால், அது ஒன்றே நோயைச் சொல்லப் போதும் என்கிறது ஹன்டர் அளவுகோல். வீட்டில் இதைச் செய்து பார்த்து நேரம் கழிக்க வேண்டாம். கால் துள்ளுவதைக் கவனித்து டாக்டரிடம் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது.

தவறாக எதை நினைத்துக்கொள்கிறார்கள்? போதை தெளியவில்லை, டெங்குக் காய்ச்சல், பயத்தில் படபடப்பு. ஊமத்தை மாதிரி விஷத்திலும் குழப்பமும் சூடும் வரும், ஆனால் தோல் வறண்டிருக்கும். இதில் தோல் நனைந்திருக்கும்.

### ஒரு இரவு

ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்து நான்கு வயதுப் பையன். எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராமிலிருந்து பத்து நாள் முன்னால் 20 ஆக்கியிருந்தார்கள். அளவு கூடியபோது தூக்கம் கெட்டதால், ஆன்லைனில் 5-எச்டிபி வாங்கி நான்கு நாளாக இரவில் ஒன்று. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நண்பன் அறையில் டிரமடால் 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று.

பதினொன்றரைக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினான். பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் நண்பர்கள். ஒரு மணிக்கு உடல் சுட்டது, பாராசிட்டமால் கொடுத்தார்கள். இரண்டு மணிக்குப் பார்த்தபோது போர்வைக்குள் கால் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒருவன் பயந்து அழைத்துவந்தான்.

அவசரப் பிரிவில் காய்ச்சல் 101.8 ஃபாரன்ஹீட். “குடிச்சிருக்கான் சார்” என்றான் நண்பன். பாதத்தைத் தள்ளிப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, “வேற என்ன போட்டீங்க?” என்றார். அமைதி. கடைசியில் பேன்ட் பையிலிருந்து கசங்கிய அட்டை வந்தது, மூன்று குழி காலி. எஸ்சிடலோபிராமைச் சொன்னது காலையில் வந்த அம்மா. 5-எச்டிபி டப்பா மறுநாள் மதியம்தான் தெரிந்தது, “அது விட்டமின் சார்.”

இப்போது தாளில் எழுதிப் பாருங்கள். எஸ்சிடலோபிராம்: வடிகால், பத்து நாள் முன்னால் கூடியது. 5-எச்டிபி: குழாய், நான்கு நாள். டிரமடால்: வடிகால், இரண்டரை மணி நேரம். தனித்தனியாக ஒவ்வொன்றையும் பார்த்தால் யாரும் அதிகம் பதறியிருக்க மாட்டார்கள். பட்டியல் முன்பே இருந்திருந்தால் நான்கு நாள் முன்னாலேயே ஒன்று அடிபட்டிருக்கும்.

சலைன், பதற்றத்தையும் தசையையும் தணிக்கும் லோராசெபாம், குளிர்விப்பு, செரட்டோனினின் வேலையைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடின். ஞாயிறு மாலை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டான்.

## 8. அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

புதிதாக எடுத்ததை உடனே நிறுத்துங்கள். மனச்சோர்வு மாத்திரையின் அடுத்த வேளையையும் டாக்டர் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். ஒரு நாள் நிறுத்துவதை ஆறாம் பகுதியில் சொன்ன நிறுத்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சல் 100.4க்கு மேல், கால் துள்ளல், தசை விறைப்பு, குழப்பம், வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் 108. காத்திருந்து பார்க்கும் நோய் இல்லை இது. உடல் வெப்பம் 106 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மயக்கமூட்டித் தசையைத் தளர்த்தி, செயற்கைச் சுவாசத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பாராசிட்டமாலால் இந்தச் சூடு இறங்காது. தொற்றுக் காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவை ஏற்றி வைக்கிறது, பாராசிட்டமால் அதை இறக்குகிறது. இங்கே சூடு தசை ஓயாமல் வேலை செய்வதால் வருகிறது. உடையைத் தளர்த்தி, ஈரத்துணியும் மின்விசிறியும் வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். திமிறுகிறான் என்று கையைக் காலைக் கட்டாதீர்கள். கட்டை எதிர்த்து இழுக்க இழுக்கத் தசை இன்னும் சூடாகும்.

சைப்ரோஹெப்டடின் என்றதும் சிலருக்கு நினைவு வரும், குழந்தைக்குப் பசி எடுக்கத் தரும் சிரப்பில் இருப்பதுதான் அது. வீட்டில் ஊற்றிக்கொடுக்க வேண்டாம். மருத்துவமனையில் முதல் வேளையே 12 மில்லிகிராம், வாய் வழியாகத்தான் தர முடியும், விழுங்க முடியாதவருக்குக் குழாய் போட வேண்டும். முதல் சிகிச்சை அதுவும் அல்ல, டையசெபாம், லோராசெபாம் வகை ஊசிதான்.

எடுத்ததை மறைக்காதீர்கள். திட்டு விழும், வழக்கு வரும் என்ற பயத்தில் அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள். பெயர் தெரியாத டாக்டர் வலிக்கு என்று டிரமடாலோ பெத்திடினோ போட்டுவிட்டால் தொட்டியில் இன்னொரு வாளி. காலி அட்டை, பாட்டில், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏற்றுங்கள்.

## 9. வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலானோர் ஒரு நாளில் தேறிவிடுவார்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் மாதிரி நீண்ட நாள் தங்கும் மருந்து காரணமென்றால் கூடுதல் நாள் பிடிக்கும். மாத்திரையை மறுபடி எப்போது, எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதை அதை எழுதிய மனநல மருத்துவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் இந்த இடத்தில் “இனி அந்த மாத்திரையே வேண்டாம்” என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து ஆள் மறுபடி படுத்துவிடுகிறார்.

அந்தப் பையனுக்கு நான் செய்து கொடுத்தது ஒன்றுதான். அவன் போனின் பூட்டுத்திரையில் நான்கு வரி: எஸ்சிடலோபிராம், அளவு, ஆரம்பித்த தேதி, “டிரமடால், பெத்திடின், லினசோலிட், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் தரும் முன் கேட்கவும்.” ஐந்தாவது வரியை அவனே சேர்த்தான்: “விட்டமினும் மருந்துதான்.”